அக்கா அனுப்பிய சொத்துவரி ரசீதுப் படம்: நான்கு விவரங்களைப் படிப்பது எப்படி?

சிங்கப்பூரில் குடியிருந்துகொண்டு தமிழ்நாட்டிலும் ஒரு வீட்டை வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு படம் வரும். மேசை மேல் விரித்த ரசீது, சற்றே சாய்ந்த கோணம், ஓரத்தில் ஒரு கட்டைவிரல். கூடவே "வரி கட்டிவிட்டேன், பார்த்துக்கொள்" என்று அக்காவோ அண்ணனோ எழுதிய ஒரு வரி. நாமும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். வீட்டை விற்கும்போதோ, உடன்பிறந்தவர்கள் செலவுக் கணக்கைப் பிரிக்கும்போதோதான் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்போம். அதற்குள் அசல் தாள் வெளுத்திருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும்.

எந்தச் சொத்துவரி ரசீதும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எந்தச் சொத்துக்கு? அதற்கு விடை வரிவிதிப்பு எண். எந்தக் காலத்துக்கு? எவ்வளவு தொகை? தாமதத்துக்காகக் கூடுதலாக எவ்வளவு? இந்த நான்கையும் தனித்தனியாகப் படித்து எழுதிக்கொண்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்பவை. காலம் தெரிந்தால் தண்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். தண்டம் தெரிந்தால் மங்கிப்போன காலத்தைக் கண்டுபிடிக்கலாம். இந்த உறவு புரிந்துவிட்டால் மோசமான படத்திலிருந்துகூட நிறையவே மீட்கலாம். மீட்கவே முடியாத ஓர் இடமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

சிங்கப்பூர்ப் பழக்கம் எங்கே வழிதவற வைக்கும்

நமக்குப் பழகிய சொத்துவரி எளிமையானது. உள்நாட்டு வருவாய் ஆணையம் ஆண்டு இறுதியில் கணக்கு அனுப்பும். அடுத்த ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். ஜைரோ வழியாகப் பன்னிரண்டு தவணைகளில் கட்டலாம். தவறினால் 5 விழுக்காடு தண்டம். வீவக வீடானாலும் தனியார் வீடானாலும் நடைமுறை இதுதான். நம் மனத்தில் மூன்று எண்ணங்கள் பதிந்திருப்பது இதனால்தான்: ஆண்டு என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை, வரி ஆண்டுக்கு ஒருமுறை, 5 விழுக்காடு என்றால் தண்டம்.

தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சி ரசீதில் இந்த மூன்றுமே பொருந்தாது. அங்கே நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாம் அரையாண்டு. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30க்குள்ளும் இரண்டாவதை அக்டோபர் 31க்குள்ளும் கட்ட வேண்டும். 2023இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, கெடுவுக்குள் கட்டியவருக்கு வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். கெடு கடந்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி சேரும்.

ஆக, சிங்கப்பூரில் 5 விழுக்காடு தாமதத்தின் அடையாளம். தமிழ்நாட்டில் அதே 5 விழுக்காடு, நேரத்தோடு கட்டியதன் அடையாளம். ரசீதில் 2,400 ரூபாய் வரிக்குக் கீழே 120 என்று ஒரு வரிசை இருந்து, அதன் முன்னால் உள்ள கழித்தல் குறி படத்தில் மறைந்துவிட்டால், இங்கிருந்து பார்ப்பவர் அதைத் தண்டம் என்றே எழுதி வைத்துக்கொள்வார். ஊரில் இருப்பவர் ஒழுங்காகக் கட்டியும் ஏச்சு வாங்குவார். இதைத் தவிர்க்க ஒரே வழி, மொத்தத்தைப் பார்ப்பது. மொத்தம் 2,280 என்றால் அந்த 120 ஊக்கத்தொகை. 2,520 என்றால் அது கூடுதலாக வாங்கிய தொகை.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

ஈசூனில் வசிக்கும் ஒருவருக்குச் சென்னையிலிருந்து அவருடைய அக்கா அனுப்பிய படம் என்று வைத்துக்கொள்வோம். வீடு மாநகராட்சியின் அடையாறு மண்டலத்தில் இருக்கிறது. எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ரசீதை நான்காக மடித்து வைத்திருந்ததால் நடுவே ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. கீழ்ப்பகுதியில் நீல முத்திரை விழுந்திருக்கிறது. படிக்க முடியாத இலக்கங்களுக்குக் கேள்விக்குறி போட்டால், கிடைப்பது இவ்வளவுதான்:

```
வரிவிதிப்பு எண் : 13-1?4-0?417-000
காலம்          : ?/2023-24 முதல் 1/2024-25 வரை
வரி            : 4,800
தண்டம்         : 2?8
மொத்தம்        : 5,0??
நாள்           : 18/07/2024
```

முதலில் காலத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பிழை அதிகம் நேர்வது அங்கேதான். 1/2024-25 என்பதை நம் கண் ஜனவரி 2024 என்று படிக்கும். அது 2024-25 நிதியாண்டின் முதல் அரையாண்டு, அதாவது 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. 2/2023-24 என்பது பிப்ரவரி அன்று. 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான அரையாண்டு. சில ரசீதுகளில் 1, 2 என்பதற்குப் பதில் ரோம எண்கள் இருக்கும். மங்கிய அச்சில் இரண்டு கோடுகளில் ஒன்று மறைந்துபோனால் இரண்டாம் அரையாண்டு முதல் அரையாண்டாகிவிடும். ஆறு மாத வரி கட்டியதா இல்லையா என்ற வழக்கு இப்படி ஒரு கோட்டில் தொங்குவது உண்டு.

நம் படத்தில் காலத்தின் தொடக்கம் மடிப்பில் போய்விட்டது. அது 1 ஆகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம். 1 என்றால் மூன்று அரையாண்டுகளுக்கான வரியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். 4,800ஐ மூன்றால் வகுத்தால் அரையாண்டுக்கு 1,600. 2 என்றால் இரண்டு அரையாண்டுகள், தலா 2,400. இரண்டுமே நம்பத்தகுந்த தொகைகள்தான். பழைய ரசீது கையில் இருந்தால் அரையாண்டு வரி என்ன என்பதை அதில் பார்த்து உடனே முடிவு செய்யலாம். இல்லையென்றால் தண்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

கணக்கு கடினமில்லை. ஒவ்வோர் அரையாண்டுக்கும் கெடு எப்போது முடிந்தது, அங்கிருந்து கட்டிய நாள் வரை எத்தனை மாதம் என்று எண்ணி, வரியில் அத்தனை விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். ஒரே ஓர் ஐயம் வரும்: ஜூலை 18 அன்று கட்டியிருக்கிறார், அந்த ஜூலையை ஒரு மாதமாக எண்ணுவதா, விடுவதா? இரண்டு வகையிலும் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

தொடக்கம் 2 என்று கொள்வோம். 2023-24 இரண்டாம் அரையாண்டின் கெடு 2023 அக்டோபர் 31. நவம்பர் முதல் ஜூன் வரை முழுதாக 8 மாதம்; ஜூலையையும் சேர்த்தால் 9. 2024-25 முதல் அரையாண்டின் கெடு ஏப்ரல் 30. மே, ஜூன் என 2 மாதம்; ஜூலையைச் சேர்த்தால் 3. அரையாண்டு வரி 2,400 என்றால் மாதத்துக்கு 24 ரூபாய். ஜூலையை விட்டால் மொத்தம் 10 மாதம், 240 ரூபாய். சேர்த்தால் 12 மாதம், 288 ரூபாய்.

இப்போது தொடக்கம் 1 என்று கொள்வோம். 2023-24 முதல் அரையாண்டின் கெடு 2023 ஏப்ரல் 30. அதிலிருந்து 14 மாதம், ஜூலையைச் சேர்த்தால் 15. மற்ற இரண்டு அரையாண்டுகளுக்கும் மேலே எண்ணிய அதே மாதங்கள். கூட்டினால் 24 அல்லது 27 மாதம். அரையாண்டு வரி 1,600 என்பதால் மாதத்துக்கு 16 ரூபாய். தண்டம் 384 அல்லது 432 வர வேண்டும்.

படத்தில் இருப்பது 2?8. 384, 432 ஆகிய இரண்டுமே அடிபட்டுப் போகின்றன. 240 என்பதும் கடைசி இலக்கத்தில் இடிக்கிறது. எஞ்சுவது 288 மட்டும். எனவே தொடக்கம் 2/2023-24, அரையாண்டு வரி 2,400, ஜூலையும் ஒரு மாதமாக எண்ணப்பட்டிருக்கிறது. 4,800உடன் 288ஐக் கூட்டினால் 5,088. முத்திரைக்கு அடியில் மறைந்திருந்த மொத்தம் 5,0?? என்று தொடங்கியது நினைவிருக்கும். அதுவும் ஒத்துப்போகிறது. மூன்று வரிசைகளில் இருந்த ஓட்டைகள் ஒன்றை ஒன்று வைத்தே அடைபட்டுவிட்டன.

ரூபாய்க் கணக்கில் ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் பதற வேண்டாம், முழு ரூபாயாகத் திருத்தியிருப்பார்கள். ஆனால் கணக்கிட்ட தண்டத்துக்கும் ரசீதில் உள்ளதற்கும் நூற்றுக்கணக்கில் வேறுபாடு வந்தால், அலுவலகம் தவறு செய்துவிட்டது என்ற முடிவுக்கு உடனே போய்விடாதீர்கள். பெரும்பாலும் நாம் காலத்தைத் தவறாகப் படித்திருப்போம்.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. மாதம் 1 விழுக்காடு என்பது 2023 விதிகளுக்குப் பிந்தைய கணக்கு. அப்பா காலத்து ரசீதுக்கு இதைப் பொருத்தினால் விடை வராது. அதேபோல அரையாண்டு வரி எல்லா ஆண்டுகளிலும் ஒரே தொகையாக இருக்காது. 2022 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு முழுவதும் சொத்துவரி உயர்ந்தது. சென்னையில் 2024-25 இரண்டாம் அரையாண்டில் மேலும் 6 விழுக்காடு கூடியது. உயர்வுக்கு முன்னும் பின்னுமான அரையாண்டுகள் ஒரே ரசீதில் வந்தால் மொத்த வரியை அரையாண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கக்கூடாது. நிலுவை, நடப்பு என்று பிரித்துக் காட்டும் வரிசைகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் படத்தில் உள்ள இரண்டு அரையாண்டுகளும் அந்த 6 விழுக்காட்டுக்கு முந்தையவை, அதனால்தான் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தது.

வரிவிதிப்பு எண்: பாதியை மீட்கலாம், பாதியை முடியாது

சென்னை மாநகராட்சியின் எண் நான்கு துண்டுகளால் ஆனது. முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று வார்டு, பிறகு பில் எண், கடைசியில் துணை எண். 2024இல், இந்த ரசீதின் காலத்தில், மாநகராட்சியில் 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் இருந்தன. எனவே முதல் துண்டு 15ஐத் தாண்டினாலோ இரண்டாம் துண்டு 200ஐத் தாண்டினாலோ, எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள்.

மண்டலமும் வார்டும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. 13ஆவது மண்டலம் அடையாறு. அப்போது அதில் இருந்தவை 170 முதல் 182 வரையிலான வார்டுகள். நம் படத்தில் வார்டு 1?4. அந்த எல்லைக்குள் 4இல் முடியும் எண் ஒன்றே ஒன்றுதான்: 174. மடிப்பில் மறைந்த இலக்கம் 7.

பில் எண்ணுக்கு இந்த வசதி கிடையாது. 0?417 என்பதில் மறைந்த இலக்கம் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எதுவாகவும் இருக்கலாம். பத்தும் அதே வார்டில் வேறு வேறு வீடுகளின் எண்களாக இருக்க வாய்ப்புண்டு. தொகையோ காலமோ இங்கே துணைக்கு வராது, ஏனென்றால் அவற்றுக்கும் பில் எண்ணுக்கும் எந்தக் கணக்கு உறவும் இல்லை. முன்னே சொன்ன, மீட்க முடியாத இடம் இதுதான். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டு இணையத்தில் பணம் கட்டினால் யாரோ ஒருவருடைய வீட்டு வரியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். அவர் நன்றி சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீட்டுக்கு நிலுவையும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்றிக் கணக்கில் வைக்கவோ அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக்கொடுத்து அலைய வேண்டியிருக்கும், அதுவும் அக்காதான் அலைய வேண்டும்.

எனவே பில் எண்ணில் ஓர் இலக்கம் ஐயமாக இருந்தாலும் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். அசல் தாளில் அந்த எண் உள்ள வரிசையை மட்டும் அருகிலிருந்து மறுபடி படமெடுக்கச் சொல்லுங்கள். அல்லது முந்தைய ரசீதின் படத்தை எடுத்துப் பாருங்கள். ரசீது எண், பணம் செலுத்திய எண் போன்றவை ஒவ்வொரு முறையும் மாறும். வரிவிதிப்பு எண் மாறாது. இரண்டு ரசீதுகளில் ஒரேமாதிரி இருக்கும் நீளமான எண் எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது. இலக்கங்கள் கிடைத்த பிறகும், பணம் கட்டும் இணையப் பக்கத்தில் அந்த எண்ணை இட்டவுடன் வரும் உரிமையாளர் பெயரையும் முகவரியையும் பார்க்காமல் அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள். பெயர் மறைந்த தாத்தாவுடையதாகவே இருக்கலாம். பெயர் மாற்றம் செய்யாத குடும்பங்கள் ஏராளம். அது தனிக் கதை. எண் சரி என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

இன்னொரு குழப்பமும் சென்னைக்கே உரியது. அங்கே குடிநீர் வாரியம் தனி அமைப்பு, தன்னுடைய வரியையும் கட்டணத்தையும் தனியாக வாங்குகிறது. அதன் நுகர்வோர் எண்ணும் பகுதி, வார்டு, பில் எண் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். தோற்றத்தில் சொத்துவரி எண்ணுக்கு இரட்டைப் பிள்ளை. படத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டு, தாளின் தலைப்பு தெரியாமல் போனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே வழங்கிய அலுவலகத்தின் பெயர் தெரியாத படத்தை முழு ரசீதாக எண்ணவேண்டாம்.

2011க்கு முந்தைய ரசீதுகளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது சென்னையில் 10 மண்டலங்களும் 155 வார்டுகளும்தான் இருந்தன. எல்லை விரிந்தபோது எண்களும் மாறின. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று திகைக்கத் தேவையில்லை.

சென்னைக்கு வெளியே எண்ணின் அமைப்பு வேறு. மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு tnurbanepay.tn.gov.in என்ற பொதுத் தளம் இருக்கிறது. அங்கே பழைய வரிவிதிப்பு எண், புதிய வரிவிதிப்பு எண் என இரண்டும் புழங்குகின்றன. ரசீதில் இரண்டும் அச்சாகியிருந்தால் இரண்டையுமே குறித்துக்கொள்வது நல்லது. மண்டலத்தை வைத்து வார்டைக் கண்டுபிடித்த சென்னை உத்தி அங்கே செல்லாது.

கையால் எழுதிய ரசீது

வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் கதை மாறுகிறது. அங்கே வீட்டு வரி ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் மார்ச் வரை. இப்போது இணையத்தில் கட்ட vptax.tnrd.tn.gov.in இருந்தாலும், பழைய ரசீதுகள் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தவை, கார்பன் படிவில் நீல எழுத்து. தண்டக் கணக்கை வைத்துச் சரிபார்க்கும் வழி இங்கே அதிகம் உதவாது. அதற்குப் பதில் நூலக வரி உதவும். தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு அதில் பத்தில் ஒரு பங்கு நூலக வரியாகச் சேர்கிறது. வீட்டு வரி 6?0 என்றும் நூலக வரி 66 என்றும் தெரிந்தால் மறைந்த இலக்கம் 6 என்று சொல்லிவிடலாம்.

கையெழுத்தில் தொகைக்குப் பின்னால் போடும் சாய்கோடும் சிறுகோடும் ஒரு பொறி. 726/- என்று எழுதியதை அவசரத்தில் 7261 என்று படித்துவிட முடியும், அதுவும் கார்பன் படிவில் சிறுகோடு விழாமல் போனால். தொகையை எழுத்தால் எழுதியிருக்கும் வரியை முதலில் படியுங்கள். "எழுநூற்று இருபத்தாறு" என்று எழுதியிருப்பதை யாரும் ஏழாயிரமாகப் படிக்க முடியாது. இலக்கத்தில் 3ஐ 8 என்றும், 1ஐ 7 என்றும் ஐயுறும் இடங்களிலும் அந்த எழுத்து வரிதான் தீர்ப்பு. படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் கைப்பேசி வசதியை நம்புகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அச்சடித்த தாளில் அது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பூச்சியத்தை ஆங்கில எழுத்தாகவும், ஒன்றைச் சாய்கோடாகவும் மாற்றிவிடும். தான் ஐயப்படுவதாக அது சொல்லாது என்பதுதான் சிக்கல்.

படமெடுப்பவரிடம் கேட்க வேண்டியவை

இவ்வளவு துப்பறியும் வேலையும் படம் சரியாக இருந்தால் தேவையே இல்லை. வரி வசூல் மையங்களில் தரும் ரசீது பெரும்பாலும் வெப்ப அச்சுத் தாள், பளபளப்பானது. மேலே எரியும் விளக்குக்கு நேர் கீழே வைத்து எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். அது விழுவது வழக்கமாகத் தொகையின் மேல். சன்னலருகில் பகல் வெளிச்சத்தில், தாளைத் தட்டையாக நீவி, கைப்பேசியைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கியே அனுப்பும், எனவே படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னால் இலக்கங்களின் விளிம்பு சிதையாது.

கட்டிய அன்றே எடுப்பது முக்கியம். வெப்ப அச்சு வெளிச்சத்திலும் சூட்டிலும் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே வரும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சிலர் லேமினேட் செய்யக் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கருத்துவிடும், அதன்பின் படிக்க ஒன்றும் இருக்காது.

காசோலையில் கட்டியிருந்தால், காசோலை பணமான பிறகே ரசீது செல்லும் என்ற பொருளில் ரசீதில் ஒரு குறிப்பு இருக்கும். அதுவும் படத்தில் தெரிய வேண்டும். அந்தக் குறிப்பு உள்ள ரசீது பாதி உறுதிதான். வங்கிக் கணக்கில் தொகை கழிந்ததைப் பார்த்தபிறகு முழு உறுதி.

நாளும் காலமும் வேறு

நான்கு விவரங்களில் ரசீது நாளை நான் சேர்க்கவில்லை, ஆனால் அதைத் தனியே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. மாநகராட்சிக்கு முக்கியம் காலம்: எந்த அரையாண்டு தீர்ந்தது, எது பாக்கி. இந்திய வருமானவரிக்கு முக்கியம் நாள். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தை இந்தியாவில் கணக்குக் காட்டுபவர்கள், உரிமையாளராகத் தாங்கள் கட்டிய சொத்துவரியை வாடகையிலிருந்து கழிக்கலாம். அந்தக் கழிவு வரி எந்தக் காலத்துக்கு உரியது என்பதைப் பொறுத்தது அன்று, எந்த நிதியாண்டில் உண்மையில் பணம் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. நம் ரசீதில் உள்ள இரண்டு அரையாண்டுகளில் ஒன்று 2023-24ஐச் சேர்ந்தது என்றாலும், கட்டிய நாள் 2024 ஜூலை 18 என்பதால் 4,800 ரூபாயும் 2024-25 கணக்கில்தான் வரும். காலத்தைப் பார்த்துப் பாதியை முந்தைய ஆண்டில் போட்டால் தவறு.

காலத்தின் கடைசிப் பகுதிதான் அடுத்து என்ன கட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறது. அக்காவின் ரசீது 1/2024-25இல் முடிகிறது. அடுத்தது 2/2024-25, கெடு 2024 அக்டோபர் 31. சென்னையில் அந்த அரையாண்டில்தான் 6 விழுக்காடு உயர்வு வந்தது என்பதால் 2,400 ரூபாய் வரி 2,544 ஆகும். கெடுவுக்குள் கட்டியிருந்தால் அதில் சுமார் 127 ரூபாய் ஊக்கத்தொகையாகக் கழியும். அந்தப் படம் வந்ததும் தண்டம் என்ற வரிசைக்கு எதிரே பூச்சியம் இருக்கிறதா, மொத்தம் 2,417 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2,544க்கு மேல் இருந்தால் கட்டிய நாளைப் பாருங்கள்.